மாமாங்கமும் புயலும் ஓட்டைக் காலணாவும்

மன்னார்குடியின் பழைய தெரு வாழ்க்கையைப் பற்றிப் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதி வைக்கத் தொடங்கியிருக்கிறேன். நகராட்சி அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சரித்திரம் படித்தவனில்லை. பதிவேடுகளோடு பழகிய கைக்குத் தெரிந்தது ஒன்றுதான்: எந்தக் குறிப்பானாலும் அதற்கு ஒரு தேதி வேண்டும். பழைய நினைவைக் கேட்டு எழுதப் போனால் முதலில் இடிப்பதும் அந்த இடத்தில்தான். பெரியவர்கள் நடந்ததைத் துல்லியமாகச் சொல்கிறார்கள், எப்போது நடந்தது என்று கேட்டால் நின்றுவிடுகிறார்கள். "அது இருக்கும், அம்பது அறுபது வருஷம்" என்கிறார்கள். ஐம்பதா அறுபதா என்பதற்குள் காசு மாறியிருக்கிறது, எடைக்கல் மாறியிருக்கிறது, தெருவே மாறியிருக்கிறது.

எந்த வருஷம் என்று நேராகக் கேட்பதில் பலனில்லை என்பது சீக்கிரமே தெரிந்துவிடும். நம் ஊரில் முந்தைய தலைமுறை, வருஷத்தை எண்ணால் நினைவு வைத்துக்கொண்டதில்லை. புயலடித்த வருஷம், மாமாங்க வருஷம், பெரியவனுக்குப் பெயர் வைத்த வருஷம் என்றுதான் வைத்திருக்கிறார்கள். அதனால் அந்த வழியிலேயே போய் வருஷத்தைப் பிடிக்க வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதை எங்கள் தெரு அக்கா ஒருவர் சொன்ன ஒரே நினைவை வைத்துச் சொல்கிறேன்.

அவர் சொன்னது இது. "நான் சின்னப் புள்ளை தம்பி. பெரிய புயல் அடிச்சுது. பள்ளிக்கூடத்து ஓடெல்லாம் பறந்து போயி, மரத்தடியில உக்கார வச்சுப் பாடம் சொன்னாங்க. அப்புறம் அப்பா வண்டி கட்டிக் கும்பகோணம் மாமாங்கத்துக்குக் கூட்டிட்டுப் போனாரு. தோள்ல தூக்கி வச்சுக் குளத்தைக் காட்டுனாரு. ஓட்டைக் காலணா ஒண்ணு குடுத்தாரு, அதை அரைஞாண்ல கோத்துக்கிட்டேன். அப்பதான் வீரபாண்டிய கட்டபொம்மன் படமும் பார்த்தோம்."

ஒரு மூச்சில் நான்கு அடையாளங்களைக் கொடுத்துவிட்டார்: புயல், மாமாங்கம், ஓட்டைக் காலணா, சினிமா. ஒவ்வொன்றையும் தனியே எடுத்து, இது எந்த வருஷத்துக்கு முன்னால் இருந்திருக்க முடியாது, எந்த வருஷத்துக்குப் பின்னால் இருந்திருக்க முடியாது என்று இரண்டு வேலிகள் போட்டுக்கொள்ள வேண்டும். நான்கின் வேலிகளும் சேரும் இடத்தில்தான் அந்த நாள் இருக்க முடியும்.

காசிலிருந்து தொடங்கினேன். ஓட்டைக் காலணா என்பது நடுவில் வட்டமாகத் துளையிட்ட வெண்கலக் காசு. இரண்டாம் உலகப் போர் நடந்தபோது உலோகத்துக்குத் தட்டுப்பாடு வந்தது. காசில் கொஞ்சமாவது மிச்சம் பிடிக்க நடுவில் ஓட்டை போட்டு அடித்தார்கள். 1943 முதல் 1947 வரை அடித்த காசு அது. வாஷருக்குப் பதிலாகவே அதைப் போட்டு முடுக்கியவர்கள் உண்டு. பிள்ளைகள் கயிற்றில் கோத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்கள். ஆகவே அந்தக் காசு வருகிற நினைவு 1943-க்கு முந்தியதாக இருக்க முடியாது.

பின்வேலி அவ்வளவு சுலபமில்லை. 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி நயா பைசா வந்தது. அதுவரை ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா, ஓர் அணாவுக்கு நாலு காலணா, ஒரு காலணாவுக்கு மூன்று தம்பிடி. நயா பைசாவில் ரூபாய்க்கு நூறு. நாலணாவும் எட்டணாவும் 25, 50 என்று சுத்தமாகப் பொருந்திவிட்டன. ஓர் அணாதான் பொருந்தவில்லை. கணக்குப்படி அது ஆறேகால் நயா பைசா. கால் பைசாவுக்குக் காசு கிடையாதே, அதனால் ஓர் அணாவுக்கு 6, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25 என்று சர்க்கார் பட்டியல் போட்டது. ஓரணாப் பண்டத்தை நாலு தடவை தனித்தனியாக வாங்கினால் 24, ஒரே தடவையில் நாலு வாங்கினால் 25. இந்த ஒரு பைசாவுக்காகக் கடை வாசலில் எவ்வளவு நேரம் வாக்குவாதம் நடந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். அதை நேரில் கண்ட யாராவது கிடைத்தால் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது.

பழைய காசு அன்றைக்கே மறைந்துவிடவில்லை. புதுக் காசோடு சேர்ந்து சில வருஷம் புழங்கியது. செல்லாமல் போன பிறகும் பிள்ளைகளின் இடுப்பில் கிடந்திருக்கும். ஆகவே காசை வைத்து, 1943-க்குப் பிறகு, அறுபதுகளுக்கு முன் என்று மட்டும்தான் சொல்ல முடியும். அதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. 'நாலணா', 'எட்டணா' என்று ஒருவர் சொல்வதால் அது 1957-க்கு முந்தையது என்று எழுதிவிடக் கூடாது. கால் ரூபாயை நாலணா என்றுதான் நாமெல்லாம் அது 2011-இல் செல்லாமல் போகும் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தோம். காலணாவும் தம்பிடியும் அப்படியில்லை, அவை காசோடு சேர்ந்தே பேச்சிலிருந்தும் போய்விட்டன. 'நயா' என்பதும் நல்ல அடையாளம். 1964-இல் சர்க்கார் அந்த அடைமொழியை எடுத்துவிட்டு வெறும் பைசா ஆக்கிவிட்டது, ஆனால் வாய்ப்பழக்கம் இன்னும் சில காலம் ஓடியது.

அடுத்து மாமாங்கம். கும்பகோணம் மகாமகம் ஏறக்குறைய பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, மாசி மாதத்தில் வரும். வியாழன் சிம்ம ராசியில் இருக்க வேண்டும், சூரியன் கும்பத்தில் இருக்க வேண்டும், மக நட்சத்திரம் கூட வேண்டும். அப்படி வந்தவை 1956, 1968, 1980, 1992, 2004, 2016. காவிரிக் கரைக்காரர்களுக்கு இதைவிட நல்ல அளவுகோல் இல்லை. போகாத வீடு அபூர்வம், போனதை மறந்தவர்களும் அபூர்வம். அக்கா சொன்னதை இதில் வைத்துப் பார்த்தால், தோளில் தூக்கி வைக்கிற வயது என்பதால் 1956 அல்லது 1968. ஓட்டைக் காலணாவை ஒரு தகப்பனார் பெண்ணுக்குக் காசென்று கொடுப்பது 1968-இல் நடக்காது. எனவே 1956 மாசி என்று பட்டது. பட்டது என்பதற்கு மேல் போக வேண்டுமானால் புயலைப் பார்க்க வேண்டும்.

புயலில்தான் சிக்கல். அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தில் மூன்று வருஷ இடைவெளியில் இரண்டு பெரும் புயல்கள் வந்தன. ஒன்று 1952 நவம்பர் 30, நாகப்பட்டினத்தை ஒட்டிக் கரையேறியது. இன்னொன்று 1955, அதே நவம்பர் 30 இரவையும் டிசம்பர் 1-ஐயும் ஒட்டி, வேதாரண்யம் பக்கம் கடந்தது. இரண்டும் கார்த்திகை நடுவில். இரண்டிலும் கூரை போனது, தென்னை சாய்ந்தது, நெல் படுத்தது. அறுபது எழுபது வருஷம் கழித்துச் சொல்பவர்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிடுவது இயல்புதான். நாகப்பட்டினத்தைத் தாக்கிய 1977 நவம்பர் புயலும் சிலர் பேச்சில் இதனோடு கலந்து வருகிறது. 1964-இல் தனுஷ்கோடியைக் கொண்டுபோன புயல் மார்கழியில் வந்ததால் அது மட்டும் அவ்வளவாகக் கலப்பதில்லை.

இங்கே உதவிக்கு வந்தது அக்காவின் அம்மா சொல்லிச் சொல்லி அவர் காதில் நின்றுபோன ஒரு சொல். "அம்மா எப்பவும் மன்மத வருஷப் புயல்னுதான் சொல்லும்" என்றார் அக்கா. இதைக் கேட்டதும் பஞ்சாங்கக் கணக்குப் போட்டேன். பிரபவ முதல் அட்சய வரை தமிழ் வருஷங்கள் அறுபது. கடைசிக்கு முந்தைய சுற்று 1927 சித்திரையில் பிரபவத்தோடு தொடங்கி 1987 பங்குனியில் முடிந்தது. அந்தச் சுற்றுக்குள் வருகிற ஆங்கில வருஷத்திலிருந்து 1927-ஐக் கழித்து ஒன்று கூட்டினால் வரிசை எண் கிடைக்கும். 1955-இல் கழித்தால் 28, ஒன்று கூட்டினால் 29. இருபத்தொன்பதாவது மன்மத. 1952-க்குக் கணக்குப் போட்டால் 26, அது நந்தன. ஆகவே அம்மா சொன்ன புயல் 1955 புயல்தான்.

கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. தமிழ் வருஷம் சித்திரையில் பிறக்கிறது. ஜனவரி முதல் ஏப்ரல் நடு வரையிலான நாட்களுக்கு முந்தைய ஆங்கில வருஷத்தை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். 1956 மாசி மாமாங்கமும் அப்படிப் பார்த்தால் மன்மத வருஷத்தில்தான் விழுகிறது. புயல் கார்த்திகையில், மாமாங்கம் மாசியில், இரண்டும் ஒரே வருஷம். "அப்புறம் மாமாங்கத்துக்குப் போனோம்" என்று அக்கா சொன்ன வரிசை அச்சுப்போலப் பொருந்துகிறது. எனக்கு அன்றைக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

பெயர் மட்டும் இருந்து சுற்று தெரியாவிட்டால் இதுவே குழப்பவும் செய்யும். அறுபது வருஷம் கழித்து 2015 சித்திரையில் மறுபடியும் மன்மத வந்தது. அந்தக் கார்த்திகையில், டிசம்பர் 1-ஆம் தேதி, சென்னையை வெள்ளம் மூழ்கடித்தது. 2016 மாசியில் மகாமகம். 'மன்மத வருஷம், கார்த்திகையில் பெருமழை, மாசியில் மாமாங்கம்' என்று மட்டும் ஒரு தாளில் எழுதி வைத்தால், பின்னால் படிக்கிறவருக்கு அது 1955-ஆ 2015-ஆ என்று தெரிய வழியில்லை. காலணா போன்ற சின்ன சாமான்களையும் விடாமல் எழுத வேண்டியிருப்பது இதற்காகத்தான்.

இன்னொரு கேள்வி பாக்கி இருந்தது. புயல் அக்காவின் சொந்த நினைவா, அம்மா சொல்லிக் கேட்டதா? இதற்கு அவர் வயது தெரிய வேண்டும். பிறந்த தேதி விஷயத்தில் எங்கள் அலுவலக அனுபவம் கொஞ்சம் கைகொடுக்கும். பிறப்பு இறப்புப் பதிவுக்கான இப்போதைய சட்டம் 1969-இல் இயற்றப்பட்டு 1970 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னும் பதிவு இருந்தது, நகரத்தில் நகராட்சி, கிராமத்தில் கிராம அதிகாரிகள். ஆனால் பழைய பதிவேட்டில் குழந்தையின் பெயர் பெரும்பாலும் இருக்காது. பிறந்த சில நாளிலேயே பதிவு, பெயர் வைப்பது பிறகு. 'பெண்' என்று ஒரு சொல், தகப்பனார் பெயர், தெரு, அவ்வளவுதான். அதே தகப்பனாருக்கு நான்கு பெண்கள் இருந்தால், இது எந்தப் பெண் என்று பதிவேடு சொல்லாது. பிறப்புச் சான்றிதழுக்கு வந்து நின்று தவித்தவர்கள் நிறையப் பேர்.

பள்ளிச் சான்றிதழும் முழுதாக நம்பத் தக்கதில்லை. பிள்ளையின் வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டுவிட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது என்று பொருள். பள்ளி ஜூனில் திறக்கும், ஐந்து நிறைந்திருக்க வேண்டும், அதனால் ஜூன் மாதத் தேதி ஒன்றை வாத்தியாரே எழுதிவிடுவார். ஊரில் பாதிப் பேருக்கு ஜூனில் பிறந்தநாள் வருவது இப்படித்தான். சிலருக்கு இரண்டு மாதம், சிலருக்கு இரண்டு வருஷம் கூட மாறியிருக்கிறது. வேலையில் சேர்ந்ததும் ஓய்வு பெற்றதும் அந்தத் தேதியை வைத்துத்தான்.

நம்பகமான ஆவணம், வீட்டுப் பெட்டியில் மஞ்சள் தடவி மடித்து வைத்த ஜாதகம்தான். பிறந்த உடனே குறித்தது, யாருக்கும் அதில் வயதைக் கூட்டவோ குறைக்கவோ தேவை இருக்கவில்லை. அக்காவின் சான்றிதழில் 1.6.1950 என்று இருக்கிறது. ஜாதகத்தில் விக்ருதி வருஷம், ஆவணி. வரிசையில் விக்ருதி இருபத்துநாலாவது, அதாவது 1950. வருஷம் ஒன்றுதான், ஆனால் ஆவணி என்றால் ஆகஸ்ட் நடுவுக்குப் பிறகு. 1955 ஜூனில் பள்ளியில் சேர்ந்தபோது ஐந்து நிறையவில்லை, வாத்தியார் நிறைத்து வைத்திருக்கிறார்.

இதிலிருந்து இரண்டு விஷயம் வெளிச்சமாகிறது. 1952 புயலின்போது அவருக்கு இரண்டேகால் வயது, பள்ளிக்கே போகவில்லை. 1955 புயலின்போது ஐந்தேகால் வயது, பள்ளியில் சேர்ந்து ஆறு மாதம். ஓடு பறந்ததும் மரத்தடியில் உட்கார்ந்ததும் அவரே பார்த்ததாக இருக்க முடியும். நான் பேச்சுக்குப் பேச்சு கவனித்ததில் எனக்குத் தோன்றுவது ஒன்று: சொந்த நினைவு பிள்ளையின் உயரத்தில் இருந்து வருகிறது. "தரை ஈரமா இருந்துச்சு, பாவாடை நனைஞ்சுது, எறும்பு கடிச்சுது" என்றார். கேட்டறிந்த கதை பெரியவர்களின் உயரத்தில் இருந்து வரும். எத்தனை தென்னை விழுந்தது, எவ்வளவு நெல் போச்சு, யார் வீட்டில் என்ன சேதம் என்று கணக்கோடு வரும். அக்கா இரண்டையும் சொன்னார். இரண்டுமே வேண்டியவைதான், ஆனால் குறிப்பில் தனித்தனியாக எழுதியிருக்கிறேன்.

சினிமா மட்டும் ஒட்டவில்லை. வீரபாண்டிய கட்டபொம்மன் 1959 மே மாதம் வெளியானது. 1956 மாசியில் அதைப் பார்த்திருக்க வழியே இல்லை. சினிமா நல்ல அடையாளம்தான், ஆனால் அதற்கு ஒரே ஒரு வேலிதான் உண்டு: படம் வெளிவருவதற்கு முன் யாரும் பார்த்திருக்க முடியாது. பின்வேலி கிடையாது. பெரிய ஊரில் ஓடி முடிந்து, சின்ன ஊருக்குப் பெட்டி வந்து சேர மாதக்கணக்காகும். டூரிங் கொட்டகைகளில் பழைய படத்தைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள்.

இந்த இடத்தில் "அக்கா, நீங்க தப்பாச் சொல்றீங்க" என்று சொல்லக் கூடாது. சொன்னால் அத்தோடு பேச்சு முடிந்துவிடும். அதைவிட மோசம், அவரே தன் நினைவைத் திருத்திக்கொண்டு எனக்குப் பிடித்த மாதிரி சொல்லத் தொடங்கிவிடுவார். வருஷத்தை விட்டுவிட்டு வேறு கேட்டேன்.

"படம் பார்க்கிறப்ப எங்க உக்காந்திருந்தீங்க அக்கா?"

"தரை டிக்கெட்டுதான். மணலைக் குவிச்சு மேடாக்கி உக்காந்துக்கிட்டோம்."

"பக்கத்துல யாரு?"

"அம்மா. தம்பிப் பயலை என் மடியில போட்டுட்டாங்க. பீரங்கி வெடிக்கிறப்பல்லாம் வீல்னு கத்துனான், படமே பார்க்க விடலை."

தம்பியின் ஜாதகமும் அதே பெட்டியில் இருந்தது. ஹேவிளம்பி வருஷம், அதாவது 1957 சித்திரைக்கும் 1958 பங்குனிக்கும் நடுவில். மாமாங்கத்தின்போது அந்தத் தம்பி பிறக்கவே இல்லை. ஆக இரண்டு பயணங்கள். ஒன்று அப்பா தோளில் தூக்கிப்போன மாமாங்கம். மற்றது மூன்று நான்கு வருஷம் கழித்து, கைப்பிள்ளைத் தம்பியோடு போன சினிமா. இரண்டிலும் கும்பகோணம், இரண்டிலும் வண்டி, இரண்டிலும் அப்பா. நடுவிலிருந்த வருஷங்கள் உதிர்ந்து, இரண்டு பயணமும் ஒன்றாகிவிட்டன. நான் எதையும் சொல்லாமலேயே அக்கா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மாமாங்கத்துல இவன் இல்லையே, அப்ப அது வேற தடவைதான் தம்பி" என்றார்.

இதற்குப் பிறகு யாரிடம் கேட்டாலும் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேட்கிறேன்: உங்கள் இடுப்பிலோ மடியிலோ அப்போது எந்தப் பிள்ளை இருந்தது? பெண்களிடம் இதற்குப் பதில் உடனே வருகிறது. ஆண்களிடம் வேறு மாதிரி கேட்க வேண்டியிருக்கிறது. கடைக்குப் போனால் வீசை என்று கேட்பீர்களா, கிலோ என்றா? வீசை என்பது ஏறக்குறைய ஒரு கிலோ நானூறு கிராம். கிலோ 1958 அக்டோபரில் தொடங்கிப் படிப்படியாக வந்து, 1962-க்குள் எடைக்கல்லில் கட்டாயமாகியது. ஆனால் இது காசைப் போலக் கறாரான வேலி இல்லை, கொஞ்சம் நெகிழும். படியும் மரக்காலும் இன்னும் மோசம். கடையில் லிட்டர் வந்த பிறகும் களத்தில் மரக்கால்தான் நெடுநாள் இருந்தது, அதன் அளவும் ஊருக்கு ஊர் வேறு. ஒருவர் மரக்கால் என்று சொன்னால் எந்த ஊர் மரக்கால் என்று கேட்டு எழுதிக்கொள்கிறேன், வருஷத்துக்கு அதை நம்புவதில்லை.

அக்காவின் பக்கத்தை நோட்டில் இப்படி முடித்திருக்கிறேன். மேலே, அவர் சொன்னபடியே முழுதும், கட்டபொம்மன் உட்பட, ஒரு சொல் மாற்றாமல். அதன் கீழே நான் கண்ட வருஷம்: புயல் 1955 கார்த்திகை, மாமாங்கம் 1956 மாசி, சினிமா 1959 அல்லது சற்றுப் பின். அதற்கும் கீழே ஏன் அப்படி முடிவு செய்தேன் என்ற காரணங்கள்: காலணா, அம்மாவின் மன்மத வருஷம், பள்ளியில் சேர்ந்த ஜூன், தம்பியின் ஜாதகம். என் கணக்கில் பிசகு இருந்தால் பின்னால் வருகிறவர் காரணத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். அக்காவின் பேச்சை நான் திருத்தி எழுதியிருந்தால் அவருக்குத் திருத்த எதுவுமே மிஞ்சாது.

இனி அந்தப் பள்ளியில் அதே வருஷம் படித்தவர்களைத் தேட வேண்டும். மரத்தடி வகுப்பு எத்தனை நாள் நடந்தது, ஓடு எப்போது திரும்ப வேய்ந்தார்கள், எந்த மரம் என்பதெல்லாம் தெரியவில்லை. புளியமரம் என்கிறார் அக்கா. அவரோடு படித்த இன்னொருவர் மேலத்தெருவில் இருக்கிறாராம், அடுத்த வாரம் அக்காவையும் அழைத்துக்கொண்டு போகிறேன்.